அறுபது என்றால் நாலு

அம்மா பி.எஸ்ஸி.யில் ஆயிரத்துக்கு ஐநூற்றுத் தொண்ணூற்றாறு. நாலு மதிப்பெண்ணில் முதல் வகுப்பு போனது. ஐம்பத்தொன்பது புள்ளி ஆறை அறுபது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வாழ்நாள் முழுக்க வாய்ப்பு இருந்தது. ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பெயர் இந்திராவதி. கிருஷ்ணா நதிக்கரை ஊர் ஒன்றின் பல்கலைக்கழகத்தில், தேர்வுப் பிரிவில், முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். கடைசிப் பத்து வருடம் டிரான்ஸ்கிரிப்ட் செக்‌ஷனின் சூப்பரிண்டெண்ட். எங்கள் மாவட்டத்தில் அமெரிக்காவுக்குப் போகாத வீடு குறைவு. போன எல்லாருடைய டிரான்ஸ்கிரிப்டும், அதாவது மொத்த மதிப்பெண் சான்றும், அம்மாவின் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. மதிப்பெண்களைச் சரிபார்ப்பாள், உறையில் போடுவாள், ஒட்டுவாள், மூடிய மடிப்பின் மேல் குறுக்கே கையெழுத்துப் போடுவாள், முத்திரை குத்துவாள், அதன்மேல் டேப் ஒட்டுவாள். டேப் கிழிந்திருந்தால் அங்கே வாங்கமாட்டார்கள். பிள்ளைகள் அந்த உறையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கூரியருக்குப் போவார்கள்.

போன மாசி மாதம் இறந்தாள். நான் ஓஹையோவிலிருந்து வந்து சேர்ந்தபோது பதினொரு மணி நேரம் தாமதம். எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் இயந்திரப் பொறியாளர். நடந்ததை வரிசையாக எழுதத்தான் தெரியும்.

2006 ஜூனில் தேர்வுப் பிரிவின் தலைவராகப் புதுக் கண்ட்ரோலர் வந்தார். ராமகோடி சார். இயற்பியல் பேராசிரியர். நல்ல மனிதர். வந்த வாரமே மாணவர்கள் மனு கொடுத்தார்கள். வெளிநாட்டு விண்ணப்பங்களில் நாலுக்கு எத்தனை என்று ஜி.பி.ஏ. என்னும் சராசரியைக் கேட்கிறார்கள், எங்கள் டிரான்ஸ்கிரிப்டில் சதவீதமும் வகுப்பும்தான் இருக்கிறது, நீங்களே மாற்றிப் போட்டுக் கொடுங்கள் என்று. சார் ஒரே இரவில் மாற்றிவிட்டார். நூறு என்றால் நாலு. ஆகவே இருபத்தைந்தால் வகுத்தால் போதும். கம்ப்யூட்டர் சென்டருக்குச் சொல்லி டிரான்ஸ்கிரிப்டில் புதிய கட்டம் ஒன்று வைத்தார். புதுப் படிவம் இருபதாயிரம் அச்சடித்தார்கள்.

அம்மா முதல் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேராக அவர் அறைக்குப் போனாள். உடன் போனவர் ஏடுகொண்டலு, அம்மாவின் உதவி சூப்பரிண்டெண்ட். அவர் நடித்துக் காட்டியே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"சார், இது தப்பு."

"எது மேடம்? வகுத்தலா?"

"வகுத்தல் சரி. வகுத்ததே தப்பு. நம்ம கிட்ட அறுபதுக்கு மேல ஃபர்ஸ்ட் கிளாஸ். அதுக்கு மேல நம்ம கிட்ட வகுப்பு கிடையாது, டிஸ்டிங்ஷன்னு ஒரு ஒட்டு மட்டும்தான். அவங்க கிட்ட மேல இருக்கறது ஏ. ஏ-ன்னா நாலு. அறுபதுன்னா நாலு சார். ஐம்பதுலேர்ந்து பி, மூணு. நாற்பதுலேர்ந்து சி, ரெண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் அப்படித்தான் பார்ப்பாங்க. மொத்தத்தை வகுக்க மாட்டாங்க."

"அப்போ அறுபதும் தொண்ணூறும் ஒண்ணா?"

"தொண்ணூறு எங்க சார் இருக்கு? நான் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்ஜினியரிங்ல மொத்தத்துல தொண்ணூறு வாங்கினவன் ஒருத்தனும் இல்ல. உங்க கணக்குல போன வருஷம் தங்கப் பதக்கம் வாங்கின பையன் எழுபத்தேழு புள்ளி ரெண்டு. மூணு புள்ளி பூஜ்யம் ஒன்பது. அங்க சேர்றதுக்கே மூணு கேக்கறாங்க. நம்ம தங்கமே வாசப்படியில நிக்குது."

"மேடம், அவங்க நூறுக்குத் தொண்ணூறு போடறாங்க. நாம கஞ்சத்தனமா போடறோம். அது கணிதத்தோட குத்தமா?"

"இல்ல சார். அதனாலதான் கணிதத்தை விட்டுடுங்கன்னு சொல்றேன்."

ராமகோடி சார் சிரித்தாராம். காகிதம் அச்சாகிவிட்டது என்றாராம். அரசாங்க அலுவலகத்தில் அது கடைசி வாதம்.

அம்மா மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை. விதிமுறைப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை நகலெடுத்தாள். எத்தனைக்கு எந்த வகுப்பு என்பது அதில் இருக்கிறது. கூடவே அந்தந்த பேட்சின் முடிவுகளை, கெஜட்டில் வந்தபடி, ஒரு தாளில் எடுத்தாள். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேருக்கு என்ன வகுப்பு. இரண்டிலும் 'உண்மை நகல்' முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு உறையிலும் டிரான்ஸ்கிரிப்டுக்குப் பின்னால் வைத்தாள். அச்சிட்ட ஆவணத்துக்கு நகல் சான்று கொடுக்க அவளுக்கு அதிகாரம் இருந்தது. இணைக்காதே என்று உத்தரவு இல்லை. உறை ஒட்டியபின் அதைத் திறக்கும் உரிமை கண்ட்ரோலருக்கும் கிடையாது. ஒன்றரை வருடம் இப்படியே போனது. பிள்ளைகளுக்கும் தெரியாது. போன இடத்தில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கும் தெரியாது. நான் அதே பல்கலைக்கழகத்தில் 2007இல் மெக்கானிக்கல் முடித்தேன். அறுபத்து நாலு புள்ளி ஒன்று, முதல் வகுப்பு. ஒரு வால்வு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். மூன்று பல்கலைக்கழகங்கள். மூன்றும் குறைந்தது மூன்று புள்ளி பூஜ்யம் கேட்டன. ஓஹையோவில் இருந்தது மட்டும் இன்னொன்றும் கேட்டது: வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் ஒரு நிறுவனம் பாடம் பாடமாகப் பார்த்துக் கொடுக்கும் அறிக்கை. எனக்கு அந்த வருடம் போயாக வேண்டும். சேமிப்பு, விசா, வயது என்று எல்லாவற்றையும் ஒரு கட்டம் போட்ட தாளில் எழுதி வைத்திருந்தேன். அடுத்த வருடத்துக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

டிரான்ஸ்கிரிப்டுக்கு நானும் எல்லாரையும் போல கவுண்டரில் வரிசையில் நின்றேன். நாலு உறை: மூன்று பல்கலைக்கழகங்களுக்கு, ஒன்று மதிப்பீட்டு நிறுவனத்துக்கு. அன்று சாயங்காலமே அம்மா விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். தேர்வுப் பிரிவின் வழக்கம் அது: சொந்தக்காரர் பரீட்சை எழுதினாலோ, காகிதம் கேட்டாலோ, அந்தக் கோப்பை நாம் தொடக்கூடாது. முக்கால்வாசிப் பேர் கடிதத்தையும் கொடுத்துவிட்டுக் கோப்பையும் பார்ப்பார்கள். அம்மா கடிதத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டாள். கோப்பு ஏடுகொண்டலுவிடம் போனது.

ஏடுகொண்டலு பயந்த சுபாவம். கேட்காமல் தும்மமாட்டார்.

"அக்கா, பாப்பாவோட உறையில அந்த ரெண்டு தாளும் வைக்கணும்ல?"

"என்னைக் கேக்காதே தம்பி."

"எப்பவும் வைக்கிறதுதானே?"

"நான் இந்தக் கோப்புல இல்ல. சுவரைக் கேளு."

"சுவருக்குக் கையெழுத்து வராதே அக்கா. உண்மை நகல்னு நீங்கதானே போடணும்?"

ஏடுகொண்டலு அன்று ராத்திரி தூங்கவில்லையாம். வைத்தால் சூப்பரிண்டெண்டின் மகளுக்குச் சலுகை என்பார்கள். வைக்காவிட்டால் அக்கா மனசுக்குள் திட்டுவாள். காலையில் அவர் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். அலுவலகக் குறிப்பு எழுதினார். 'வழக்கமாக எல்லா உறைகளிலும் இணைக்கப்படும் இரண்டு தாள்களை, விண்ணப்பதாரர் சூப்பரிண்டெண்டின் மகள் என்பதால், இவ்விஷயத்தில் இணைக்கலாமா கூடாதா என்பது குறித்துத் தங்கள் உத்தரவு கோரப்படுகிறது.' கோப்பு கண்ட்ரோலருக்குப் போனது.

ராமகோடி சார் அந்த வாக்கியத்தில் மகளைப் பார்க்கவில்லை. 'வழக்கமாக எல்லா உறைகளிலும்' என்பதைத்தான் பார்த்தார்.

உத்தரவு இரண்டு வரி. டிரான்ஸ்கிரிப்ட் தவிர எந்தத் தாளும் உறைக்குள் போகக்கூடாது. சூப்பரிண்டெண்ட் ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். என் நாலு உறையும், இருபத்தைந்தால் வகுத்து வந்த இரண்டு புள்ளி ஐந்து ஆறோடு தனியாகக் கிளம்பின.

அன்று வீட்டில் பெசரட்டு, பாசிப்பயறு தோசை. அம்மா கல்லின் முன்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள், ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று சொல்வது போல. எனக்கு அப்போதுதான் அந்தத் தாள்களைப் பற்றித் தெரிந்தது.

"ஒன்றரை வருஷமா ஊருக்கெல்லாம் உன் கையெழுத்து போகுது. எனக்கு மட்டும் கிடையாதா?"

"நீ ஊர் இல்லையே. என் பொண்ணு."

"அந்தத் தாள்ல என் பேர்கூட இல்லம்மா. மொத்த பேட்சுக்குமான கணக்கு. அதுல என்ன சலுகை?"

"சலுகை இல்ல. சரிதான்."

"அப்புறம்?"

"உன் கோப்புல நான் கைவச்சேன்னு ஒருத்தன் சொன்னா, அதுவரைக்கும் அத்தனை பேருக்கும் போட்ட கையெழுத்தையும் சந்தேகப்படுவான். இன்னொண்ணு ஊத்தவா?"

"வேண்டாம்."

"இஞ்சிச் சட்னி இருக்கு."

"நான் போகலைன்னா உனக்கு நல்லதுதானே? அதான் இப்படி."

சொல்லியிருக்கக்கூடாது. நான் எட்டாவது படிக்கும்போது நான்னா, என் அப்பா, இறந்துபோனார். அதற்கப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா கல்லில் இன்னொரு கரண்டி மாவை ஊற்றினாள்.

"ஆமா, நல்லதுதான். அதுக்காக அப்படிச் செய்வேன்னு நினைக்கிறியா?"

இன்னொரு பெசரட்டு தட்டில் வந்து விழுந்தது.

அம்மாவின் விளக்கக் கடிதம் ஆறாம் நாள் போனது. நகல் என்னிடம் இருக்கிறது. 'இணைக்கப்பட்டவை இரண்டும் பல்கலைக்கழகம் தானே அச்சிட்டு விற்கும் ஆவணங்கள். இவற்றில் எதை மறைக்க வேண்டும் என்று எழுத்து மூலம் தெரிவித்தால் அவ்வாறே மறைக்கிறேன்.' பதில் வரவில்லை. உத்தரவும் மாறவில்லை.

டிசம்பரில் முதல் பல்கலைக்கழகம் நிராகரித்தது. குறைந்தபட்சத் தகுதி இல்லை. ஜனவரி முதல் வாரம் இரண்டாவதும் அதையே சொன்னது. இரண்டும் டிரான்ஸ்கிரிப்டில் இருந்த கட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகமே தன் மாணவிக்கு இரண்டரை என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் ஏன் மெனக்கெட்டு மூன்றரை என்று சொல்லப்போகிறார்கள்? நான் அந்த இரண்டு கடிதங்களையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அம்மா படித்தாள். ஓரங்கள் சேரும்படி மடித்தாள். "ஓஹையோ எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"பிப்ரவரி பதினஞ்சுக்குள்ள அறிக்கை போகணும்."

ஜனவரி பதினேழாம் தேதி மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து கண்ட்ரோலருக்குக் கடிதம் வந்தது. என் பெயர், என் பதிவு எண். மரியாதையான கடிதம். 'தங்கள் டிரான்ஸ்கிரிப்டில் முதல் வகுப்பு என்றும், நாலுக்கு 2.56 என்றும் உள்ளது. பல்கலைக்கழகங்கள் தாமே போடும் மாற்றுக் கணக்கை நாங்கள் பயன்படுத்துவதில்லை. எனினும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால், வகுப்பு வழங்கும் விதியை அனுப்பி, ஆவணம் தங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தவும். அதுவரை கோப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது.' சுருக்கமாக, இது போலியா என்று கேட்டிருந்தார்கள்.

வழக்கப்படி சார் ஓரத்தில் 'சூப்பரிண்டெண்ட், வரைவு சமர்ப்பிக்கவும்' என்று எழுதி அனுப்பினார். பத்து நிமிடத்தில் கோப்பு திரும்பி வந்தது. மேலே அம்மாவின் விலகல் கடிதத்தின் நகல்.

ஏடுகொண்டலுவுக்கு அனுப்பினார். அவரும் திருப்பினார்: இப்படியொரு கடிதத்துக்கு இதுவரை மேடம்தான் பதில் எழுதியிருக்கிறார், எனக்குப் பழக்கமில்லை. கோப்பு இரண்டு வாரம் அந்த வராந்தாவில் நடை பழகியது. நான் வால்வு கம்பெனியில் அழுத்தச் சோதனை செய்துகொண்டே நாள் எண்ணினேன். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. ஒரு தடவை மட்டும் கேட்டேன், ஏதாவது வந்ததா என்று. "அந்தக் கோப்பு எனக்குத் தெரியாது" என்றாள். அவள் மேஜையிலிருந்து கண்ட்ரோலர் அறைக்கு இருபது அடி.

பிப்ரவரி நாலாம் தேதி ராமகோடி சாரே எழுந்து செக்‌ஷனுக்கு வந்தார். அம்மாவின் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செக்‌ஷன் மொத்தமும் தட்டச்சை நிறுத்தியது.

"மேடம், உங்க பொண்ணு கோப்பு விஷயமா..."

"அது எனக்குத் தெரியாது சார். நான் விலகியிருக்கேன்."

"சரி. பொதுவா கேக்கலாமா?"

"பொதுவா கேளுங்க."

"பொதுவா ஒரு மாணவர். பேர் வேண்டாம். அறுபத்து நாலு புள்ளி ஒண்ணு."

"பேர் இல்லாதவங்களுக்குத் தசமப் புள்ளி இருக்கா சார்?"

ஏடுகொண்டலு இருமினார். சார் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தார்.

"சரி, அறுபதுக்கு மேல. அவங்க எப்படிக் கணக்கு போடுவாங்க?"

"மொத்தத்தைத் தொடமாட்டாங்க. ஒவ்வொரு பாடமா எடுப்பாங்க. பொதுவா ஐம்பத்திரண்டு பாடம்னு வச்சுக்கோங்க. பொதுவா முப்பத்தாறுல அறுபதுக்கு மேல. பதிமூணுல ஐம்பதுக்கு மேல. மூணுல நாற்பதுக்கு மேல."

"ரொம்பப் பொதுவா இருக்கு."

"கூட்டிப் பாருங்க. முப்பத்தாறு நாலு, பதிமூணு மூணு, மூணு ரெண்டு. ஐம்பத்திரண்டால வகுங்க."

சார் கால்குலேட்டர் கேட்கவில்லை. உறையின் பின்புறம் போட்டார். நூற்று எண்பத்தொன்பது, வகுத்தல் ஐம்பத்திரண்டு.

"மூணு புள்ளி ஆறு மூணு."

"அவ்வளவு வராது. பாடத்துக்குப் பாடம் எடை உண்டு. லேப்ல எல்லாரும் எண்பது வாங்குவாங்க, ஆனா லேபுக்கு எடை கம்மி. கொஞ்சம் இறங்கும்."

சார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மேடம், ஒன்றரை வருஷத்துல எத்தனை பேர் போயிருப்பாங்க? இந்தக் கட்டத்தோட?"

"ஆயிரத்து எண்ணூறு பேர். என் தாள் கூடப் போனது. கடைசி மூணு மாசம் தவிர."

"கடைசி மூணு மாசம்?"

"முன்னூத்திப் பத்து பேர் சார். இது பொதுவா இல்ல. சரியான கணக்கு."

மறுநாள் கடிதம் கூரியரில் போனது. சார் தானே தட்டச்சு செய்தார், அதில் இரண்டு பிழை இருந்தது என்று ஏடுகொண்டலு இன்றும் சொல்வார். 'டிரான்ஸ்கிரிப்ட் எங்களுடையதே. நாலுக்கான கட்டம் கல்விக் குழுவின் ஒப்புதல் பெறாதது. அது என் தவறு. அதைக் கருத வேண்டாம். வகுப்பு வழங்கும் விதியின் நாற்பத்தொன்றாம் பக்கம் இணைப்பு.' நகலுக்குச் சான்றுக் கையெழுத்தும் அவரே போட்டார். முன்னூற்றுப் பத்து பேருக்கும் அதே கடிதம், அவரவர் போன இடத்துக்கு. ஸ்டாம்ப் ஒட்ட செக்‌ஷனில் மூன்று நாள் ஆனது. அம்மா ஒட்டினாள், முன்னூற்று ஒன்பது பேருக்கு.

அறிக்கை பிப்ரவரி பதினான்காம் தேதி ஓஹையோ போய்ச் சேர்ந்தது. மூன்று புள்ளி ஐந்து ஆறு. முதலில் வந்ததற்கும் இதற்கும் சரியாக ஒன்று வித்தியாசம். அது தற்செயல். ஏப்ரலில் இடம் கிடைத்தது. முன்பு நிராகரித்த இரண்டில் ஒன்று கோப்பைத் திரும்பத் திறப்பதாக எழுதியது. நான் பதில் போடவில்லை.

படிவத்தில் பாக்கி பதினாறாயிரம் இருந்தது. கிழித்துப் போட விதி இல்லை. ஆகவே தீரும்வரை அந்தக் கட்டத்தில் கோடு போட்டு அனுப்பினார்கள். பின்பக்கம் நாற்பத்தொன்றாம் பக்கத்தை அச்சிட்டார்கள். ஆண்டறிக்கையில் அது கண்ட்ரோலரின் சீர்திருத்தம் என்று வந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு, "எழுத்துப்பிழை இல்ல" என்றாள்.

ஆகஸ்டில் கிளம்பினேன். ஹைதராபாத் விமான நிலையத்தில் அம்மா என் கைப்பையைத் திறந்து சான்றிதழ்களை இன்னொரு தடவை எண்ணினாள். "அங்க ஏதாவது காகிதம் வேணும்னா கவுண்டருக்கு எழுது. என்னைக் கேக்காதே" என்றாள். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. மற்றதெல்லாம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோங்கூராக் கீரை எப்படி வதக்குவது என்று கேட்பேன். எத்தனை கரண்டி எண்ணெய் என்றால், "போதும்கிற வரைக்கும்" என்பாள். காகிதத்தில் மட்டும்தான் அவளுக்குத் தசமப் புள்ளி.

பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தேன். ஏடுகொண்டலு அங்கிள் உடன் இருந்தார். இப்போது அவரும் ஓய்வு. இன்னும் கேட்காமல் உட்காரமாட்டார். அம்மாவின் பி.எஸ்ஸி. மதிப்பெண் பட்டியல், நான்னாவின் இறப்புச் சான்றிதழ், ஓய்வூதியக் காகிதம். அவற்றின் கீழே ஒரு பழுப்பு உறை. ஒட்டவில்லை. மேலே எதுவும் எழுதவில்லை.

உள்ளே இரண்டு தாள். நாற்பத்தொன்றாம் பக்கம். 2007 மெக்கானிக்கல் பேட்சின் முடிவு: தேர்ச்சி எண்பத்து நாலு, அதில் டிஸ்டிங்ஷன் ஏழு, முதல் வகுப்பு நாற்பத்தொன்று, இரண்டாம் வகுப்பு முப்பத்து மூன்று, தேர்ச்சி மட்டும் மூன்று. 'உண்மை நகல்' முத்திரை இரண்டிலும் நேராக, அழுத்தமாக விழுந்திருந்தது. தேதி, 2007 நவம்பர் ஆறு. நான் கவுண்டரில் வரிசையில் நின்ற நாள்.

அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் புரட்டினார்.

"அக்கா முத்திரை குத்தியிருக்காங்க பாரு. தேதி போட்டிருக்காங்க. அந்த பேட்ச் பசங்க எல்லாரோட தாளையும் நான் பார்த்திருக்கேன், பாப்பா. எல்லாத்துலயும் கையெழுத்து இருக்கும்."

இதில் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"இதை என்ன பண்ண?" என்றேன்.

அங்கிள் யோசித்தார். "கையெழுத்து இல்லாத நகல், அலுவலகக் கணக்குல காகிதமே இல்ல. வச்சுக்கோ. யாரும் கேக்கமாட்டாங்க."

வைத்துக்கொண்டேன்.